18 ஆயிரம் ரூபாய் சேர் வாங்கியும் கழுத்து வலி ஏன்? - பிளஸ் டூ பிள்ளைகளின் டேபிள், சேர், விளக்கை அளந்து சரிசெய்வது எப்படி?

தாம்பரத்தில் இருக்கும் என் சித்தி மகள் இப்போது பிளஸ் டூ, பயாலஜி குரூப். காலை 5 மணிக்கு உட்கார்ந்தால் 7 மணி வரை, சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்து 8 மணியிலிருந்து 11 மணி வரை. லீவு நாளில் கேட்கவே வேண்டாம். ஜூலை மாதம் கழுத்தில் ஆரம்பித்த வலி, ஆகஸ்ட்டில் வலது தோள்பட்டைக்கு இறங்கியது. எழுத ஆரம்பித்த அரை மணி நேரத்தில் தலைவலி.

வீட்டில் முதலில், "போன் பாக்குறதை குறைச்சா சரியாயிடும்" என்றார்கள். அப்புறம் கண் பரிசோதனை. பவர் எதுவும் இல்லை. கடைசியில் சித்தப்பா மனசு கேட்காமல் ஆன்லைனில் 18 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேமிங் சேர் வாங்கிப் போட்டார். சிவப்பு, கறுப்பு கலர். தலைக்கு ஒரு குட்டித் தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை. பார்க்க ஏதோ ரேஸ் கார் சீட் மாதிரி இருந்தது. வலி மட்டும் குறையவில்லை. "அக்கா, பழைய பிளாஸ்டிக் சேரே பரவாயில்லை போல" என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான், ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன்.

அன்றைக்கு அளந்ததையும் மாற்றியதையும் வைத்தே இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டில் 10, 11, 12-ம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், இதே வரிசையில் நீங்களும் அளந்து பார்க்கலாம். வரிசை முக்கியம். முதலில் உடம்பு, பிறகு சேர், பிறகு டேபிள், கடைசியில் விளக்கு. நம்மில் பலர் டேபிளில் இருந்து தொடங்குகிறோம். சிக்கலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அளக்க வேண்டியது இரண்டே அளவுகள்

முதல் அளவு, தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்பு வரை. பிள்ளையை ஏதாவது ஒரு கட்டையான ஸ்டூலில் உட்கார வைத்து, பாதம் தரையில் முழுவதுமாகப் பதிந்திருக்கும்போது அளக்க வேண்டும். வீட்டில் வெறுங்காலோடு படிப்பவர் என்றால் வெறுங்காலோடு அளக்கவும். செருப்பு போடும் பழக்கம் இருந்தால் செருப்போடு. தங்கையின் உயரம் 154 செ.மீ. அவளுக்கு இந்த அளவு 39 செ.மீ. வந்தது.

இரண்டாவது அளவு, உட்காரும் இடத்திலிருந்து முழங்கை வரை. நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, மேல்கையை உடம்போடு ஒட்டி வைத்து, முழங்கையை 'ட' எழுத்து மாதிரி மடக்கச் சொல்லுங்கள். ஸ்டூலின் மேல்பரப்பிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை எவ்வளவு? அவளுக்கு 22 செ.மீ. இங்கே ஒரு எச்சரிக்கை. 'அளக்கிறார்கள்' என்று தெரிந்ததும் பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்பது போல தோளைத் தூக்கிக்கொள்வார்கள். ஒரு பெருமூச்சு விடச் சொல்லிவிட்டு அளந்தால் சரியான அளவு கிடைக்கும்.

இந்த இரண்டு எண்களும் போதும். சேரின் உயரம் முதல் அளவுக்குச் சமமாகவோ, ஒன்றிரண்டு செ.மீ. குறைவாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் பாதம் தரையில் பதியும், தொடையின் அடிப்பகுதியை சேரின் விளிம்பு அழுத்தாது. டேபிளின் உயரம் இரண்டு அளவுகளையும் கூட்டி, அதோடு 2 முதல் 4 செ.மீ. சேர்த்தால் வருவது. எழுதும்போது கை கொஞ்சம் முன்னால் போகும், முழங்கையும் சற்று உயரும். அதற்காகத்தான் அந்தக் கூடுதல்.

தங்கைக்குக் கணக்குப் போட்டோம். 39 + 22 = 61. அதோடு 3 சேர்த்தால் 64 செ.மீ. அவளுக்கு வேண்டிய டேபிள் 64 செ.மீ.

அவள் படிக்கும் டேபிளை அளந்தோம். 76 செ.மீ.

12 செ.மீ. எங்கே போகும்?

76 செ.மீ. என்பது 30 அங்குலம். கார்பென்டரிடம் "ஒரு ஸ்டடி டேபிள் போடுங்கண்ணே" என்று சொன்னால் அவர் எதுவும் கேட்காமல் போடுகிற உயரம். கடையில் விற்கும் பிளைவுட் டேபிளும் பெரும்பாலும் ஓரிரு செ.மீ. வித்தியாசத்தில் இதே உயரம்தான். யாருக்கான உயரம் இது? ஐரோப்பாவில் பள்ளி மேசை, நாற்காலிகளுக்கு இ.என். 1729 என்று ஒரு தரநிலை உண்டு. மாணவரின் உயரத்தை வைத்து அளவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருக்கிறார்கள். அதில் 76 செ.மீ. மேசை நீல நிறத்தில் வரும். 159 முதல் 188 செ.மீ. வரை உயரம் உள்ளவர்களுக்கானது. அதற்குத் துணையாக வரும் நாற்காலி 46 செ.மீ. உயரம். 154 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அந்தப் பட்டியலிலேயே இந்த மேசை கிடையாது. நம் வீடுகளிலோ எட்டாம் வகுப்புப் பையன் முதல் அப்பா வரை எல்லோருக்கும் ஒரே டேபிள்தான்.

டேபிள் 12 செ.மீ. உயரமாக இருந்தால் உடம்பு அதை எங்கேயாவது சமாளித்தாக வேண்டும். பெரும்பாலும் தோள்தான் மாட்டும். முழங்கையை டேபிள் மேல் வைக்க இரண்டு தோளும் காதை நோக்கி ஏறும். ஒரு நிமிஷம் அப்படி உட்கார்ந்து பாருங்கள், ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் அதே நிலையில் இருந்தால் கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள தசை விடாமல் இறுகியே இருக்கும். தங்கைக்கு வலி வந்தது சரியாக அந்த இடத்தில்தான்.

சரி, புது சேர் ஏன் உதவவில்லை? அந்த கேமிங் சேரை எவ்வளவு இறக்கினாலும் 46 செ.மீ.க்குக் கீழே போகவில்லை. அவள் கால் அளவு 39. ஆக, இறக்கி வைத்தாலும் பாதம் 7 செ.மீ. தொங்கும். கால் தொங்கினால் பிள்ளைகள் சேரின் நுனிக்கு நகர்ந்து வந்து, கட்டைவிரலைத் தரையில் ஊன்றிக்கொள்வார்கள். முதுகு சாயும் இடத்தை விட்டு விலகிவிடும். பின்னால் இருக்கும் 18 ஆயிரம் ரூபாய் சாய்மானம் சும்மா வேடிக்கை பார்க்கும். மறுபக்கம், 46 செ.மீ.யில் உட்கார்ந்தால் முழங்கை 68-ல் இருக்கும். டேபிளோ 76. அதாவது கீழே கால் தொங்குகிறது, மேலே தோள் தூக்குகிறது. இரண்டு பிரச்சினையும் ஒரே நேரத்தில்.

டேபிள் காலை வெட்டலாமா?

மரக்கால் டேபிளாக இருந்தால் 12 செ.மீ. அறுத்து எடுப்பது கார்பென்டருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. 17 வயதுப் பெண்ணுக்கு வளர்ச்சி அநேகமாக முடிந்திருக்கும், அவளுக்கு மட்டுமான டேபிள் என்றால் யோசிக்கலாம். 13, 14 வயதுப் பையனுக்கு இதைச் செய்யவே கூடாது. அந்த வயதில் ஒரே வருஷத்தில் 8, 9 செ.மீ. வளரும் பையன்கள் உண்டு. இன்று வெட்டினால் அடுத்த வருஷம் காலுக்கு அடியில் செங்கல் தேட வேண்டியிருக்கும். அதோடு டேபிளைத் தாழ்த்தினால் சேரும் 39-க்கு வர வேண்டும். அவளுடைய சேர் 46-லேயே நின்றுவிடும்.

அதனால் நாங்கள் தலைகீழாகப் போனோம். டேபிளை அப்படியே விட்டுவிட்டு, ஆளை உயர்த்தினோம்.

டேபிள் 76. எழுதுவதற்கான கூடுதல் 3-ஐயும், முழங்கை அளவு 22-ஐயும் கழித்தால் 51. சேர் 51 செ.மீ.யில் இருக்க வேண்டும். மெத்தை வைத்த சேர் என்றால் ஆள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு 51 இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. காலியாக இருக்கும்போது 51 காட்டிய சேர், அவள் உட்கார்ந்ததும் 48-க்கு வந்துவிட்டது. மறுபடி ஏற்றினோம்.

இப்போது கால் 12 செ.மீ. அந்தரத்தில். இந்த 12 செ.மீ.க்கு கீழே ஒரு மேடை வேண்டும். சித்தி காய் நறுக்க உட்காரும் பழைய மணை ஒன்று வீட்டில் இருந்தது. உயரம் 9 செ.மீ. அதன் மேல் பழைய யோகா மேட்டை நாலாக மடித்துப் போட்டதும் 12 ஆனது. "என் மணையை எடுத்துட்டா நான் எதுல உக்காருறது?" என்று சித்தி கேட்டதற்கு இன்னும் தீர்வு கிடைக்கவில்லை. மணை இல்லாத வீட்டில் பழைய செய்தித்தாள் கட்டு, செங்கல் மேல் பலகை என்று எதுவும் சரி. இரண்டு பாதமும் முழுதாகப் பதிந்து, கொஞ்சம் முன்னே பின்னே நகர இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டேபிளின் குறுக்குக் கம்பியில் காலை மாட்டிக்கொள்வது இதற்கு மாற்று கிடையாது. அதில் பாதம் பதியாது, நடுப்பாதம்தான் அழுந்தும்.

பிளாஸ்டிக் சேர் மட்டும் இருக்கும் வீட்டில் இதே வேலையை ஒரு கெட்டியான மெத்தை செய்யும். பஞ்சுத் தலையணை வேண்டாம், பத்து நாளில் அப்பளமாகிவிடும். பழைய ஜமுக்காளத்தையோ போர்வையையோ இறுக்கமாக மடித்து, நகராமல் துணியில் கட்டிப் போடலாம். சேர் மேல் சேர் அடுக்கி உயர்த்துவது சிலர் செய்கிற வேலை. இரண்டு சேரும் ஒரே மாடலாக, கால் இறுக்கமாகப் பொருந்தினால் ஆடாது. ஆடினால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நாங்கள் எதிர்பார்க்காத இரண்டு தொல்லைகள்

சேரை 51-க்கு ஏற்றியதும் தொடை டேபிளின் டிராயரில் இடித்தது. கணக்கு எளிது. டிராயரின் அடிப்பாகம் தரையிலிருந்து 64 செ.மீ. சேர் 51. இடையில் 13 செ.மீ. அவள் தொடையின் கனமே கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அசையவே முடியாமல் உட்கார வேண்டும். டிராயரைக் கழற்றி எடுத்துவிட்டோம். பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் இப்போது டேபிள் மேல் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். புது டேபிள் வாங்கப் போகிறவர்கள் நடுவில் டிராயரோ கீபோர்டு தட்டோ இல்லாததாகப் பார்த்து வாங்கினால் இந்தச் சிக்கலே வராது.

இரண்டாவது, சேரின் கைப்பிடி. சேர் ஏறியதும் கைப்பிடி டேபிள் விளிம்பில் முட்டியது. சேர் உள்ளே போகாததால் அவள் ஒரு சாண் தள்ளியே உட்கார வேண்டியிருந்தது, அதனால் முன்னால் குனிந்தாள். சேரோடு வந்த 'எல்' வடிவச் சாவியால் இரண்டு கைப்பிடிகளையும் கழற்றினோம். மேஜையில் எழுதும் வேலைக்குக் கைப்பிடி தேவையில்லை. கை தங்கும் இடம் டேபிள்தான்.

இடுப்புக்கு வந்த அந்தக் குட்டித் தலையணைக்கு மட்டும் இப்போது நல்ல வேலை கிடைத்தது. பெரியவர்களுக்கான சேரில் உட்காரும் பலகை நீளமாக இருக்கும். பின்னால் ஒட்டி உட்கார்ந்தால் சேரின் முன்விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தும். அங்கே இரண்டு மூன்று விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். அவளுக்கு ஒரு விரல்கூட நுழையவில்லை. தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்ததும் ஆள் முன்னால் வந்து, இடைவெளி சரியானது.

குனிவதற்குக் காரணம் புத்தகமாகவும் இருக்கலாம்

டேபிளில் படுக்கையாக வைத்த புத்தகத்தைப் படிக்கும்போது தலை தானாகக் குனியும். மேல் வரிக்குப் போகப் போக இன்னும் குனியும். அக்காலத்துக் கணக்குப்பிள்ளை மேசை ஏன் சாய்வாக இருந்தது என்பது இப்போது புரிகிறது. பாராயணத்துக்கு வைக்கும் வியாசபீடமும், குர்ஆன் ஓத வைக்கும் ரெஹலும் செய்வது இதைத்தான். புத்தகத்தைக் கண்ணை நோக்கித் தூக்கிக் கொடுக்கின்றன.

இதற்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பரீட்சை அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் தடித்த கைடு ஒன்றை வையுங்கள். அட்டை 35 செ.மீ. நீளம் என்றால் மேல்விளிம்பு 9 செ.மீ. உயர்ந்தால் சுமார் 15 டிகிரி சாய்வு கிடைக்கும். படிக்க இது வசதி. எழுதுவதற்கு அந்தச் சாய்வு அதிகம், பேனா உருளும், மணிக்கட்டு மடங்கும். எழுதும்போது 3, 4 செ.மீ. போதும்.

புத்தகத்துக்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்? அளவுகோல் அவர்கள் கையிலேயே இருக்கிறது. முழங்கையைப் புத்தகத்தின் மேல் ஊன்றி, முஷ்டியை மடக்கிக் கன்னத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூரம்தான் குறைந்தபட்சம். பெரும்பாலான டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு 33 முதல் 38 செ.மீ. வரை வரும். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பிள்ளை தொடர்ந்து அதைவிடக் கிட்டே போய்ப் படித்தால் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அல்லது, அடுத்த விஷயத்தைப் பார்க்க வேண்டும்.

விளக்கு இடது பக்கமா, வலது பக்கமா?

சேரும் டேபிளும் சரியான பிறகும் தங்கை எழுதும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கிட்டத்தட்ட நோட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல எழுதினாள். பழக்கதோஷம் என்று நினைத்தோம். பக்கத்தில் நின்று நோட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் எழுதும் இடத்தில் அவள் கையின் நிழலே விழுந்துகொண்டிருந்தது. நிழலைத் தாண்டிப் பார்க்கத்தான் அந்தச் சாய்வு.

'டேபிள் லேம்ப் இடது பக்கம் இருக்க வேண்டும்' என்பது எல்லோரும் சொல்வது. அது வலது கையால் எழுதுபவர்களுக்கு. தங்கைக்கு இடது கைப் பழக்கம். யாரோ நல்ல எண்ணத்தில் சொன்னதைக் கேட்டு லேம்பை இடது பக்கம் கிளிப் போட்டிருந்தார்கள். பிளக் பாயின்ட்டும் அந்தப் பக்கம் இருந்ததால் யாரும் மாற்றி யோசிக்கவில்லை. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி லேம்பை வலது பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தோம். நிழல் எழுதிய பக்கத்தை விட்டு விலகி, கைக்கு வெளிப்பக்கமாகப் போய்விட்டது. "அய்யோ, இவ்ளோதானா!" என்றாள்.

உங்கள் வீட்டில் இதைச் சரிபார்க்க, எழுதும் இடத்தில் ஒரு பென்சிலை நேராக நிறுத்துங்கள். நிழல் பேனா பிடிக்கும் கையின் பக்கமாக, வெளியே விழ வேண்டும். எழுதப்போகும் வரியின் மீதோ, தன் நெஞ்சை நோக்கியோ விழுந்தால் லேம்ப் தப்பான இடத்தில் இருக்கிறது.

உயரம் எவ்வளவு? லேம்ப் மூடியின் கீழ்விளிம்பு, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. பல்ப் கண்ணுக்கு நேரடியாகத் தெரியக்கூடாது என்பதுதான் விஷயம். தங்கைக்கு டேபிளிலிருந்து 40 செ.மீ. அளவில் வந்தது. இன்னும் கீழே இறக்கினால் வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கிவிடும். மேலே போனால் வேகமாகக் குறையும். ஒரு சின்ன பல்ப் தூரம் இரண்டு மடங்கானால், அதிலிருந்து நேராக வரும் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். 80 செ.மீ. உயரத்தில் இருக்கும் லேம்பை 40-க்கு இறக்குவது, வாட் கூட்டாமல் பல்பை மாற்றியதற்குச் சமம்.

படிக்க, எழுத 300 முதல் 500 லக்ஸ் வரை வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவான அளவு. போனில் இலவசமாகக் கிடைக்கும் லக்ஸ் மீட்டர் ஆப் துல்லியமாகச் சொல்லாது, ஆனால் முன்னே பின்னே ஒப்பிட உதவும். அந்த அறையில் டியூப் லைட் மட்டும் போட்டபோது நோட்டின் மேல் 70-க்குப் பக்கத்தில் காட்டியது. அதுவும் டியூப் லைட் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்ததால், தலை நிழல் நோட்டின் மேலேயே விழுந்தது. 9 வாட் எல்.இ.டி. பல்ப் போட்ட லேம்பை 40 செ.மீ.யில் வைத்ததும் 450-ஐத் தாண்டியது.

அதற்காக டியூப் லைட்டை அணைத்துவிடாதீர்கள். சுற்றிலும் இருட்டு, நோட்டில் மட்டும் பளிச் என்று இருந்தால், தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கண் மாறி மாறிப் பழக வேண்டியிருக்கும். கரன்ட் பில் கவலை இருந்தால், 20 வாட் எல்.இ.டி. டியூப் 50 மணி நேரம் எரிந்தால்தான் ஒரு யூனிட்.

கண்ணாடி, ஃபேன், போன் கேமரா

வெளிச்சம் போதுமான அளவு இருந்தும் கண் கூசினால் அது பளபளப்புப் பிரச்சினை. வழவழப்பான தாளில் அச்சான புத்தகங்களிலும், டேபிள் மேல் கண்ணாடி போட்ட வீடுகளிலும் இது வரும். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் புத்தகம் இருக்கும் இடத்தில் படுக்கையாக வைத்துவிட்டு, வழக்கம்போல் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பல்ப் தெரிந்தால், அந்த வெளிச்சம் தாளில் பட்டு நேராகக் கண்ணுக்குத்தான் வருகிறது. லேம்ப் நேர் எதிரே இருந்தால் அநேகமாகத் தெரியும். பக்கவாட்டுக்கு நகர்த்த நகர்த்த மறையும். மறையும் இடத்தில் நிறுத்துங்கள். டேபிள் கண்ணாடி மேல் ஒரு பழுப்பு அட்டை விரித்தாலே பாதித் தொல்லை போய்விடும்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொன்று ஃபேன். விளக்கு ஃபேன் இறக்கையைவிட மேலே இருந்தால், இறக்கை ஓடும்போது வெளிச்சத்தை வெட்டி வெட்டித் தரும். பக்கத்தின் மேல் லேசாக நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். சில நாளில் பழகிவிட்டதாகத் தோன்றும், ஆனால் கண் சோர்வது குறையாது. டேபிளை ஃபேனுக்கு நேர் அடியிலிருந்து ஓரமாக நகர்த்துவதுதான் வழி. நோட்டுப் பக்கம் பறக்காது என்பது கூடுதல் லாபம்.

மலிவு விலை எல்.இ.டி. லேம்ப் சிலவற்றில் வெளிச்சமே துடிக்கும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால், அந்த விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். போனில் ஸ்லோ மோஷன் வீடியோவில் லேம்பை எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் ஏறி இறங்கினால் அந்தப் பல்பை மாற்றுவது நல்லது. வாங்கும்போது நிறத்துக்கு 4000 கெல்வின் என்று போட்டிருப்பதை எடுக்கலாம். 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை, ராத்திரி 11 மணிக்கு அதன் கீழே உட்கார்ந்துவிட்டு உடனே தூங்குவது பலருக்குக் கஷ்டம்.

தரையில் உட்கார்ந்து படிப்பவர்கள்?

தனி டேபிள் போட இடம் இல்லாத வீடுகள் நிறைய. சம்மணம் போட்டுப் படிப்பதில் தப்பே இல்லை. அதே முழங்கை அளவுதான் இங்கேயும். 22 செ.மீ. முழங்கை அளவு உள்ள பிள்ளைக்குத் தரையிலிருந்து 24, 25 செ.மீ.யில் பலகை வேண்டும். கடையில் விற்கும் மடக்குக் கட்டில் டேபிள் இதைவிட உயரமாக இருந்தால், அதை விட்டுவிட்டு உட்காரும் இடத்தை உயர்த்துங்கள். போர்வையை 5, 6 செ.மீ. கனத்துக்கு மடித்துப் போட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தால், முழங்காலைவிட இடுப்பு உயர்ந்து, முதுகு கூன் போடாமல் நிமிரும். மடியில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதுவது, கட்டிலில் குப்புறப் படுத்துப் படிப்பது, இரண்டும் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு சரியாக அமைத்தாலும் ஒரே நிலையில் இரண்டு மணி நேரம் உட்கார உடம்பு ஒத்துக்கொள்ளாது. 40 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். கையில் மரத்துப்போவது, கூச்சம் விரல் வரை இறங்குவது, ராத்திரி தூக்கத்திலும் வலிப்பது என்று இருந்தால் டேபிளை அளந்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தங்கைக்குத் தலைவலி முதல் வாரத்திலேயே நின்றுவிட்டது. தோள்பட்டை வலி குறைய மூன்று வாரம் ஆனது. முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. டெஸ்ட் இருக்கும் வாரங்களில் இன்னமும் எட்டிப் பார்க்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை அவள் தம்பி. எட்டாம் வகுப்பு, 140 செ.மீ. அதே டேபிளில்தான் அவனும் வீட்டுப்பாடம் எழுதுகிறான். அவனுடைய முழங்கை அளவு 19, கால் அளவு 36. அதே கணக்கைப் போட்டால் சேர் 54-ல் இருக்க வேண்டும், காலடியில் 18 செ.மீ. மேடை வேண்டும். இரண்டு செங்கலை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேலே அந்த மேட். ஆளுக்கு ஒரு உயரம் என்பதால் தினமும் சண்டை. சித்தி டேபிள் காலில் இன்சுலேஷன் டேப் இரண்டு துண்டு ஒட்டிவிட்டார். உட்கார்ந்த பிறகு சேரின் மட்டம் சிவப்பில் இருந்தால் அக்கா, நீலத்தில் இருந்தால் தம்பி. நீல டேப்பை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து இறக்கி ஒட்ட வேண்டும். அவன் வளர்ந்துகொண்டிருக்கிறான்.